வெக்னர் போய் ஜி.பி.ஏ வந்தது: அப்பாவுக்கு இருப்பது ஒரு நோயா, இரண்டா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 2010இல் மூக்கில் ரத்தம், விடாத இருமல் என்று ஆரம்பித்தது. முதலில் டி.பி. என்று நாலு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் பயாப்ஸி எடுத்து ‘வெக்னர்ஸ்’ என்றார்கள். நல்லபடியாகக் குணமாகி இத்தனை வருடம் ஓடிவிட்டது. இப்போது மறுபடி தொந்தரவு வந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ‘ஜி.பி.ஏ’ என்று எழுதி ரிட்டுக்சிமாப் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். இன்சூரன்ஸில் ‘ஃபாரத்தில் வெக்னர் என்றுதான் சொன்னீர்கள், ஜி.பி.ஏ பற்றிச் சொல்லவே இல்லையே’ என்று கேட்கிறார்கள். இணையத்தில் வெக்னர் என்று தேடினால் ஐந்து மாதம்தான் தாங்கும் என்று வருகிறது. வெக்னர் ஒரு நாஜி, அதனால்தான் பெயரை மாற்றினார்கள் என்றும் போட்டிருக்கிறது. அப்படியானால் அப்பாவைப் பிழைக்க வைத்த மருந்து அந்த ஆளுடையதா? நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது. என் தம்பி, ‘செத்துப் போனவர் பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது, நாளைக்கு நியூட்டன், வோல்ட் எல்லாவற்றையும் மாற்றுவார்களா’ என்று கேட்கிறான்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் அப்பாவுக்கு இருப்பது ஒரே நோய்தான், அம்மா. 2010இல் எழுதிய பெயரும் இப்போது எழுதியிருக்கும் பெயரும் ஒன்றையே குறிக்கின்றன. ஜி.பி.ஏ என்பது ‘கிரானுலோமட்டோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ்’ என்பதன் சுருக்கம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரையே தாக்குகிறது. அதனால் மூக்கு, சைனஸ், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை பழுதாகின்றன. பாதிக்கப்பட்ட இடத்தில் கிரானுலோமா என்கிற அழற்சிக் கட்டிகள் உருவாகின்றன. காசநோயிலும் கிரானுலோமா வரும், நுரையீரலில் குழிவிழும், இருமலில் ரத்தம் வரும். ஆகவே நம் ஊரில் இந்த நோயாளிகள் பலர் முதலில் டி.பி. மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். சளியில் கிருமி தெரியாமல், மாத்திரையாலும் பலன் இல்லாமல், கூடவே மூக்கில் பொருக்கும் சிறுநீரில் ரத்த அணுக்களும் இருந்தால் இந்த நோயை நினைக்க வேண்டும்.

அந்த ‘ஐந்து மாதம்’ கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது பொய் இல்லை, ஆனால் மிகப் பழையது. 1958இல் வெளியான ஒரு ஆய்வில் சிகிச்சை இல்லாத நோயாளிகள் சராசரியாக ஐந்து மாதம்தான் உயிரோடு இருந்தார்கள், பத்தில் எட்டுப் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். பழைய பெயரைத் தட்டினால் பழைய காலத்துக் கட்டுரைகள் முதலில் வந்து நிற்கின்றன. பெயர் மாறியதால் வந்த நிஜமான தொல்லை இது. என் நோயாளிகளின் வீட்டாரும் இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வந்து நின்றிருக்கிறார்கள். உங்கள் அப்பா இத்தனை வருடம் நன்றாக இருந்தார் என்பதே அந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது என்பதற்குச் சாட்சி.

மருந்து யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். வெக்னருடையது இல்லை. இந்த நோய்க்கு அவர் எந்தச் சிகிச்சையும் கண்டுபிடிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியது சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்த முறை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆண்டனி ஃபௌசியும் ஷெல்டன் உல்ஃபும் 1970களில் அதைப் படிப்படியாக நிலைநாட்டினார்கள். கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் தினமும் வந்த அதே ஃபௌசிதான். 1983இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 85 நோயாளிகள், அதில் 93 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. உடம்பின் சொந்த அணுக்களையே தாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று ‘ஆன்கா’ பரிசோதனை செய்கிறோமே, அதை இந்த நோயோடு இணைத்துக் காட்டியது வான் டெர் வூட் குழு, 1985இல். இப்போது சொல்லியிருக்கும் ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடுக்குக் குறையாமல் வேலை செய்கிறது என்று 2010இல் வந்த ஆய்வுகள் காட்டின. இந்த வரிசையில் எங்கேயும் வெக்னர் இல்லை. ஆகவே அந்தச் சங்கடத்தை மனதிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள்.

அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? ஃப்ரீட்ரிக் வெக்னர் ஜெர்மனியைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது பிரேதப் பரிசோதனை மேசையிலும் மைக்ராஸ்கோப்பிலும் வேலை செய்தவர். இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் மூன்று பேரின் உடல்களை ஆராய்ந்து, மூக்கிலும் சிறுநீரகத்திலும் ஒரே மாதிரியான மாற்றம் இருப்பதைக் கண்டு, இது தனி நோய் என்று 1936இலும் 1939இலும் எழுதினார். கவனமான வேலைதான், மறுக்க முடியாது. ஆனால் முதல் ஆள் அவர் இல்லை. 1931இலேயே ஹெய்ன்ஸ் கிளிங்கர் இப்படி ஒரு நோயாளியை விவரித்துவிட்டார். அதற்கும் முன்பு, 1897இல், பீட்டர் மெக்பிரைட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கும் முகமும் அரித்துப் போன ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். வெக்னரின் பெயர் நிலைபெறக் காரணம் 1954இல் அமெரிக்காவில் காட்மன், சர்க் என்ற இருவர் எழுதிய கட்டுரை. இந்த நோயின் அடையாளங்களை ஒழுங்காகத் தொகுத்துத் தந்த அவர்கள், தலைப்பிலேயே வெக்னரின் பெயரை வைத்தார்கள். அதற்கப்புறம் உலகமே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது.

அவருடைய அரசியல் பல காலம் யாருக்கும் தெரியவில்லை, அல்லது யாரும் கேட்கவில்லை. 1989இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கல்லூரி அவருக்கு விருதே கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 2006இல் அலெக்சாண்டர் வோய்வோட், எரிக் மேட்டசன் ஆகியோர் ஆவணங்களைத் தேடி எடுத்து எழுதினார்கள். வெக்னர் 1932இலேயே நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையில் சேர்ந்தவர், 1933இல் கட்சி உறுப்பினர். போர்க் காலத்தில் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் வூட்ஜ் நகரில், யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவுக்குப் பக்கத்திலேயே இருந்த சுகாதார அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவர் தன் கையால் கைதிகள் மேல் பரிசோதனை செய்தார் என்பதற்கு நிரூபணம் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் விருப்பத்தோடு அந்தக் கட்சியில் இருந்தார், அந்த இடத்தில் இருந்தார் என்பது மட்டும் உறுதி. நெஞ்சக மருத்துவர் கல்லூரி பின்னர் அந்த விருதைத் திரும்பப் பெற்றது.

2011இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி, அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம், ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து புதிய பெயரைப் பரிந்துரைத்தன. குழப்பம் வராமலிருக்கக் கொஞ்ச காலம் அடைப்புக்குறிக்குள் வெக்னர் என்றும் எழுதலாம் என்றார்கள். 2012இல், ரத்தக் குழாய் அழற்சி நோய்களுக்குப் பெயர் வகுக்கும் சேப்பல் ஹில் மாநாட்டின் திருத்தப்பட்ட பெயர்ப் பட்டியலில் புதிய பெயர் உறுதியானது.

உங்கள் தம்பி ‘செத்துப் போனவர் பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது’ என்று கேட்கிறாரே, அது பலரும் கேட்பதுதான். என் எண்ணம் இது: ஒரு நோய்க்கு மருத்துவர் பெயரை வைப்பது அவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை. நோயாளி வந்து கேட்டு வைத்ததில்லை, நாங்களாக வைத்தது. நாங்கள் கொடுத்ததை, கொடுத்திருக்கக் கூடாது என்று தெரியும்போது திரும்பப் பெறுவது எங்கள் பொறுப்பு. இதை எனக்குத் தெளிவாக்கியவர் எஃப்ரைம் எங்கில்மன். ரைட்டர் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு. வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ பிறகு மூட்டு வீங்கி, கண் சிவக்கும். 1942இல் அந்தப் பெயரைப் பரவலாக்கிய கட்டுரையை எழுதிய இருவரில் எங்கில்மன் ஒருவர். ஹான்ஸ் ரைட்டர் நாஜி அரசின் தலைமைச் சுகாதார அலுவலகத்துக்கே தலைவராக இருந்தவர், புக்கன்வால்ட் முகாமில் கைதிகளைக் கொன்ற டைஃபஸ் பரிசோதனைகளில் தொடர்புடையவர் என்று பிறகு வெளிவந்தது. 65 ஆண்டுகள் கழித்து, 2007இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், எங்கில்மன் வேறு மூவரோடு சேர்ந்து ‘அந்தப் பெயரை வைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று கையெழுத்திட்டு அறிவித்தார். இன்று நாங்கள் அதை ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்கிறோம். ரைட்டர் 1969இலேயே இறந்துவிட்டார். எங்கில்மன் அதை ரைட்டருக்காகச் செய்யவில்லை. அந்த முகாமில் இறந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்கோ ஒரு மருத்துவமனையில் மூட்டுவலியோடு உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா?

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் 2012 பட்டியலில் எனக்கு இன்றும் உறுத்துகிற ஒன்று நடந்தது. உங்கள் அப்பாவின் நோய்க்கு உறவான இன்னொரு நோய் உண்டு, ஆஸ்துமாவோடு வரும். 1951இல் ஜேக்கப் சர்க், லோட்டே ஸ்ட்ராஸ் என்ற இருவர் நியூயார்க்கில் அதை விவரித்ததால் சர்க்–ஸ்ட்ராஸ் சிண்ட்ரோம் என்று பெயர். இருவரும் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள். 1954 கட்டுரையில் வெக்னரின் பெயரை நிலைநிறுத்திய அதே சர்க்தான் இவர். வெக்னர் யார் என்ற விவரம் வெளியாவதற்கு முந்தைய ஆண்டு, 2005இல், அவர் இறந்துவிட்டார். வெக்னர் பெயரை எடுத்தபோது, மனிதப் பெயர்களையே குறைத்து நோயின் தன்மையைச் சொல்லும் பெயர்களை வைப்போம் என்ற பொது விதியின் கீழ் இவர்கள் பெயரும் போய்விட்டது. அந்த நோய் இப்போது ஈ.ஜி.பி.ஏ. அறிவியல் காரணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். குற்றம் செய்த கட்சியில் இருந்தவர் பெயரும் அந்தக் கட்சி விரட்டிய சமூகத்தவரின் பெயரும் ஒரே கையெழுத்தில் அழிந்ததை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வகுப்பில் பாடம் எடுக்கும்போது நான் இன்னும் சர்க்–ஸ்ட்ராஸ் என்று சொல்லி, அவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தன்மையைச் சொல்லும் பெயர் என்றால் பிழையே இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஜி.பி.ஏ என்பதில் கிரானுலோமா இருக்கிறது. ஆனால் மூக்கிலிருந்து எடுத்த சின்னத் துணுக்கில் பல சமயம் கிரானுலோமா தெரியாது, வெறும் அழற்சி என்றுதான் ரிப்போர்ட் வரும். நோயாளி ‘பெயரில் இருப்பது எனக்கு இல்லையே’ என்பார். சிலர் ரத்தத்தில் எந்த வகை ‘ஆன்கா’ இருக்கிறது என்பதை வைத்தே இந்த நோய்களைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் அப்பாவின் நோய்க்குப் பெயர் இன்னொரு முறை மாறினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஜி.பி.ஏ, ஈ.ஜி.பி.ஏ, இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோயான எம்.பி.ஏ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று சுருக்கங்களால் தொலைபேசியில் குழப்பம் வருவதும் உண்டு. வெக்னர், சர்க்–ஸ்ட்ராஸ் என்று சொன்ன காலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாப் பெயரையும் எடுத்துவிட வேண்டும் என்பவர்களிடம் நான் தொழுநோயைச் சொல்வேன். அதற்கு ஹான்சன் நோய் என்றும் பெயர். நார்வேயின் பெர்கன் நகரில் 1873இல் அந்தக் கிருமியைக் கண்டவர் ஹான்சன். அவரும் குற்றமற்றவர் இல்லை. 1879இல், தொழுநோய் தொற்றுமா என்று நிரூபிக்க, ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்ததைச் செலுத்தினார். நீதிமன்றம் குற்றவாளி என்றது, மருத்துவமனைப் பதவி போனது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை. ஆனால் இன்று ஹான்சன் பெயரை எடுக்கச் சொன்னால் நான் கை தூக்க மாட்டேன். அந்த நோயாளிகள் பழைய பெயரின் இழிவிலிருந்து தப்பிக்கத் தாங்களே இந்தப் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பிரேசிலில் 1995 முதல் அரசு ஆவணங்களில் பழைய சொல்லை எழுதவே தடை, ஹான்சன் பெயரிலிருந்து பிறந்த சொல்லைத்தான் எழுத வேண்டும். ‘குஷ்டம்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் வீட்டுக் கல்யாணம் எப்படி நிற்கும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெயரை எடுத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்கிறேன். வெக்னரை எடுத்ததால் எந்த நோயாளிக்கும் நிரந்தர நஷ்டம் இல்லை. ஹான்சனை எடுத்தால் நிச்சயம் உண்டு.

நியூட்டனையும் வோல்ட்டையும் பற்றித் தம்பி கவலைப்பட வேண்டாம். அலகுகளுக்கு ஒரு நிர்வாகம் இருக்கிறது, எடைகள் அளவைகள் பொது மாநாடு என்று. நாடுகள் கூடி வாக்களித்தால்தான் மாறும். மாறிய கதையும் உண்டு. கதிரியக்கத்தின் அலகு கியூரியாக இருந்தது. 1975இல் அதற்குப் பதில் பெக்கரல் வந்தது. அதில் எந்தப் பழியும் இல்லை, மற்ற அலகுகளோடு கணக்கு ஒத்துப்போகத்தான் மாற்றினார்கள். அப்படியும் நம் ஊரில் தைராய்டு நோயாளிக்குக் கதிர் அயோடின் கொடுப்பவர்கள் இன்னும் மில்லிகியூரியில்தான் பேசுகிறார்கள். ஒரு மில்லிகியூரி என்றால் 37 மெகாபெக்கரல். விதிகளில் வேறு மாதிரியும் செய்யலாம். பிரபஞ்சம் விரிகிறது என்று சொல்லும் ஹப்பிள் விதிக்கு, அதை 1927இலேயே எழுதியிருந்த பெல்ஜியம் நாட்டு லெமேத்ரின் பெயரையும் சேர்த்து ஹப்பிள்–லெமேத்ர் விதி என்று சொல்லும்படி சர்வதேச வானியல் ஒன்றியம் 2018இல் வாக்கெடுத்துப் பரிந்துரைத்தது. இருந்த பெயரை எடுக்காமல் விட்டுப்போன பெயரைச் சேர்த்தார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. நோய்களுக்கு இப்படி ஒரே நிர்வாகம் இல்லாததால்தான் பழைய பெயரும் புதிய பெயரும் இத்தனை வருடமாகக் கூடவே ஓடுகின்றன.

இனி இன்சூரன்ஸ். நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கொடுத்த எண் உண்டு, பெயர் மாறினாலும் அந்த எண்ணைப் பார்த்து அடையாளம் காணலாம். நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் அந்த எண் பட்டியலின் பத்தாவது பதிப்பின்படி எழுதுகின்றன. அதில் இந்த நோயின் எண் M31.3, அந்தப் பதிப்பில் அதன் பெயரே வெக்னர்தான். 2010 டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இப்போதையதிலும் இந்த எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போது பார்க்கும் டாக்டரிடம் மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: ‘இவருக்கு 2010இல் வெக்னர்ஸ் கிரானுலோமட்டோசிஸ் என்று கண்டறியப்பட்ட நோயும், இப்போது கிரானுலோமட்டோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ் என்று எழுதப்பட்டிருக்கும் நோயும் ஒன்றே, 2011இல் பெயர் மட்டும் மாற்றப்பட்டது, குறியீட்டு எண் M31.3.’ கையெழுத்து, பதிவு எண், தேதி மூன்றும் இருக்கட்டும். பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும் ‘ஆன்கா’ ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே இணையுங்கள். ஃபாரத்தில் வெக்னர் என்று நீங்கள் எழுதியிருப்பதால் எதையும் மறைத்ததாக ஆகாது.

அப்பாவின் ஃபைல் அட்டையில் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள், நடு இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் ஒன்றைத்தான் படித்திருப்பார். ரிட்டுக்சிமாப் போடுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள், உள்ளே ஒளிந்திருக்கும் அந்த வைரஸை இந்த ஊசி கிளப்பிவிடும். அப்புறம், ஊசி போட்டு நன்றாக இருக்கும் மாதங்களிலும் சிறுநீரையும் கிரியாட்டினினையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் அப்பாவே சொல்லிவிடுவார். சிறுநீரகம் கெடும்போது வலி இருக்காது, பரிசோதனைத் தாளில்தான் முதலில் தெரியும்.